வரியில்லாத உப்பும் வரி கட்டிய சாக்கும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி செல்பவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது, சாலையோரம் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டிருப்பார்கள். கோடையில் வெண்குவியல்களாக உயர்ந்து நிற்கும் உப்பு, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மறைந்துவிடும். பாத்திகள் நீரில் மூழ்கும். தொழிலாளர் வேறு வேலை தேடிப் போவார்கள். ஆண்டில் சில மாதங்களே நடக்கும் இத்தொழிலைச் சார்ந்து சிறு வணிகர்கள் பலர் வாழ்கின்றனர். அவர்களில் ஒருவர் என்னிடம் பொருளாதாரம் பயின்ற முன்னாள் மாணவர்.

அவர் உப்பள உற்பத்தியாளர்களிடம் உப்பு வாங்கி, 50 கிலோ மூட்டைகளாகக் கட்டி விற்கிறார். கூடவே பிளாஸ்டிக் சாக்குகளை மொத்தமாக வாங்கி, மற்ற உப்பு வணிகர்களுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் விற்கிறார். அண்மையில் அவர் கடைக்குச் சென்றிருந்தபோது, கணக்குப் புத்தகத்தை என் முன்னே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: 'ஐயா, உப்புக்கு வரி கிடையாது. சாக்குக்குக் கட்டும் வரியும் திரும்ப வந்துவிடும் என்கிறார்கள். இரண்டும் உண்மையானால் என் பணம் எங்கே போகிறது?'

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரியியல் நடத்திய எனக்கு, அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கடையில் அடுக்கி வைத்திருந்த வெற்றுச் சாக்கு ஒன்றை எடுத்து, அதன் விலையை மட்டும் பின்தொடர்ந்தோம். அந்த ஒரே சாக்குக்கு, அது எங்கே போகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு அடக்கவிலைகள் இருப்பது தெரிய வந்தது. சரக்கு மற்றும் சேவை வரியின் (ஜிஎஸ்டி) இதயம் எனப்படும் 'உள்ளீட்டு வரி வரவு' ஒரு சிறு வணிகரின் விற்பனை விலையை எப்படி மாற்றுகிறது என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது என்று நினைக்கிறேன்.

ஒரு சாக்கு, இரு அடக்கவிலைகள்

நெய்த பாலிபுரொப்பிலீன் சாக்குகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. சந்தை விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால், கணக்கு வசதிக்காக முழு எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சாக்கின் விலை ரூ.10, வரி ரூ.1.80, வணிகர் கொடுப்பது ரூ.11.80. ஒரு மாதத்தில் அவர் 10,000 சாக்குகள் வாங்குகிறார். விலை ஒரு லட்சம் ரூபாய், வரி ரூ.18,000. இவற்றில் 6,000 சாக்குகளை வெற்றுச் சாக்குகளாகவே விற்கிறார். 4,000 சாக்குகளில் உப்பு நிரப்பி விற்கிறார்.

முதலில் வெற்றுச் சாக்கைப் பார்ப்போம். ஒரு சாக்கின் மீது அவர் இரண்டு ரூபாய் லாபம் வைக்க விரும்புகிறார் எனில், விலை ரூ.12, அதன் மீது 18 சதவீத வரி ரூ.2.16, வாங்குபவர் தருவது ரூ.14.16. இந்த ரூ.2.16 வணிகருடைய பணமன்று. அரசுக்காக அவர் வசூலித்தது. ஆனால் அதை முழுதாகச் செலுத்த வேண்டியதில்லை. தான் வாங்கியபோது கொடுத்த ரூ.1.80-ஐக் கழித்துக்கொண்டு, மீதி 36 காசுகளைச் செலுத்தினால் போதும். இதுவே உள்ளீட்டு வரி வரவு. 6,000 சாக்குகளுக்கு அவர் வசூலித்த வரி ரூ.12,960, கழித்துக்கொள்ளும் வரவு ரூ.10,800, செலுத்துவது ரூ.2,160. கையில் நிற்கும் லாபம் ரூ.12,000.

இங்கே கவனிக்க வேண்டியது, சாக்கின் உண்மையான அடக்கவிலை ரூ.11.80 அன்று, ரூ.10 மட்டுமே என்பது. வரவு கிடைக்கும் வரை, வாங்கும்போது கொடுத்த வரி ஒரு செலவன்று. அரசிடம் சில வாரங்கள் நிற்கும் முன்பணம். பல சிறு வணிகர்கள் இதை மறந்து, கொடுத்த மொத்தத் தொகையான ரூ.11.80-ஐ அடக்கவிலையாக எழுதிக்கொண்டு, அதன் மேல் இரண்டு ரூபாய் லாபம் சேர்த்து, அதன் மேல் வரியும் போடுகின்றனர். அப்படிச் செய்தால் விலை ரூ.16.28 ஆகிவிடும். அடுத்த கடைக்காரர் ரூ.14.16-க்குக் கொடுக்கும்போது இவரிடம் யார் வருவார்கள்? மாறாக, வசூலித்த ரூ.14.16-இலிருந்து கொடுத்த ரூ.11.80-ஐக் கழித்து ரூ.2.36 லாபம் என்று கணக்கிடுபவர்களும் உண்டு. அவர்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய 36 காசுகளையும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, மாதத்தின் 20-ஆம் தேதி பணத்துக்கு அலைகின்றனர்.

இனி, அதே சாக்கில் உப்பை நிரப்புவோம். உப்புக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விற்பனைக்கு வரியில்லை என்பதால், சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, அந்த விற்பனைக்காக வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த வரியை வரவு வைக்க முடியாது. கழிப்பதற்கு வசூல் வரி இல்லை. திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகவே உப்பு நிரப்பிய 4,000 சாக்குகளுக்குக் கொடுத்த ரூ.7,200 செலவாகவே முடிந்துவிடுகிறது. சாக்கின் அடக்கவிலை இப்போது ரூ.11.80.

கிலோ மூன்று ரூபாய் என்று வைத்தால், 50 கிலோ உப்பு ரூ.150. நிரப்பித் தைத்து ஏற்றும் கூலி ரூ.8. சாக்கின் வரி திரும்பக் கிடைத்திருந்தால் ஒரு மூட்டையின் அடக்கம் ரூ.168. கிடைக்காததால் ரூ.169.80. ரூ.175-க்கு விற்கும்போது, அவர் ஏழு ரூபாய் என நினைத்த லாபம் உண்மையில் ரூ.5.20 மட்டுமே. வாங்குபவரிடம் கொடுக்கும் ரசீதில் 'வரி: இல்லை' என்று இருக்கும். ஆனால் அந்த ரூ.175-க்குள் ரூ.1.80 வரி, பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

பொட்டலம் சிறிதாகச் சிறிதாக இந்த மறைமுக வரியின் பங்கு பெரிதாகும். 50 கிலோவுக்கு ஒரு சாக்கு என்றால் வரிச்சுமை ஒரு சதவீதம் அளவே. அதே உப்பை ஒரு கிலோ உறைகளில் அடைத்தால், உறைகளின் செலவு உப்பின் விலையில் கணிசமான பங்காகிவிடுகிறது. அதற்குரிய வரியும் கூடவே ஏறுகிறது. 'மதிப்புக் கூட்டுங்கள்' என்று சிறு வணிகர்களுக்கு அறிவுரை கூறுபவர்கள், வரிவிலக்கு பெற்ற பொருளுக்கு மதிப்புக் கூட்டும்போது மீளாத வரியும் கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போக்குவரத்தில் மட்டும் சட்டம் இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறது. சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் லாரிகளில் உப்பு கொண்டுசெல்லும் சேவைக்கும், பால், உணவு தானியங்களுக்குப் போலவே, வரிவிலக்கு தரப்பட்டுள்ளது. ஆனால் லாரிக்கு ஊற்றும் டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், அதன் மீதான வரிகளுக்கு எவரும் வரவு பெற இயலாது. அவை வாடகைக்குள் வந்து சேர்கின்றன.

உப்பு இழுத்துவரும் பொதுச் செலவு

இரண்டு கணக்குகளும் தனித்தனியாக இருக்கும்வரை புரிந்துகொள்வது எளிது. இரண்டுக்கும் பொதுவான செலவுகளில்தான் என் மாணவர் தடுமாறினார். கணக்கருக்குத் தரும் கட்டணம், கடையின் இணைய இணைப்பு, எடைத் தராசின் பராமரிப்பு ஆகியவை சாக்கு வியாபாரத்துக்கும் உப்பு வியாபாரத்துக்கும் பொதுவானவை. இவற்றுக்காக மாதம் ரூ.5,000 செலவு, அதன் மீது ரூ.900 வரி என்று கொள்வோம். இதில் எவ்வளவு வரவு கிடைக்கும்?

ஜிஎஸ்டி விதிகளில் 42-ஆவது விதி இதற்கு ஒரு சூத்திரம் தருகிறது. மொத்த விற்றுமுதலில் வரிவிலக்கு பெற்ற விற்பனையின் பங்கு எவ்வளவோ, அந்தப் பங்குக்கு ஈடான வரவைத் திருப்பிவிட வேண்டும். நம் கணக்கில் வெற்றுச் சாக்கு விற்பனை ரூ.72,000. உப்பு விற்பனை, 4,000 மூட்டைகளுக்கு ரூ.7,00,000. ஆக, உப்பின் பங்கு 90 சதவீதத்துக்கும் சற்று அதிகம். ரூ.900-இல் ஏறத்தாழ ரூ.816-ஐ அவர் இழக்கிறார், ரூ.84 மட்டுமே மிஞ்சுகிறது.

இந்தச் சூத்திரம் விற்றுமுதலை அளக்கிறதே தவிர, லாபத்தை அளப்பதில்லை. பொதுச் செலவுகளைக் கழிப்பதற்கு முன், சாக்கில் அவர் லாபம் ரூ.12,000, உப்பில் ரூ.20,800. லாபத்தின்படி பார்த்தால் உப்பின் பங்கு 63 சதவீதம்தான். ஆனால் உப்பு மூட்டையின் ரூ.175-இல் ரூ.150 உப்பள உற்பத்தியாளருக்குப் போய்ச் சேரும் பணம். அப்பணம் வணிகர் கை வழியாகக் கடந்து செல்வதாலேயே அவரது வரவு கரைகிறது. இழந்த ரூ.816-ஐ 4,000 மூட்டைகளுக்குப் பகிர்ந்தால் மூட்டைக்கு 20 காசு. சாக்கின் ரூ.1.80-உடன் சேர்த்தால், 'வரியில்லாத' உப்பு மூட்டை ஒன்றில் இந்த வணிகரின் கட்டத்தில் மட்டும் இரண்டு ரூபாய் வரி அடங்கியிருக்கிறது. உப்பள உற்பத்தியாளர் வாங்கிய மோட்டார், குழாய் ஆகியவற்றின் வரி ரூ.150-க்குள் ஏற்கெனவே இருப்பது வேறு கணக்கு.

'அப்படியானால் பதிவையே விட்டுவிடலாமே?' என்று கேட்கத் தோன்றும். உப்பு மட்டும் விற்பவராக இருந்தால் அவர் பதிவு செய்யவே தேவையில்லை. வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவருக்குச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. வரிக்குரிய சாக்கையும் விற்பதால்தான் அவர் வலைக்குள் வருகிறார். தமிழகத்தில் சரக்கு மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு ரூ.40 லட்சம். மரக்காணத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய புதுச்சேரியில் அது ரூ.20 லட்சம். சாக்கு விற்பனை இந்த வரம்பை எட்டுவதே இல்லை. ஆனால் வரம்பைக் கணக்கிடும்போது வரிவிலக்கு பெற்ற உப்பு விற்பனையையும் சேர்க்க வேண்டும். ஒன்பது மாதப் பருவத்தில் அவரது மொத்த விற்றுமுதல் ஏறத்தாழ ரூ.70 லட்சம், சாக்கு அதில் ஆறரை லட்சமே. பதிவுக்குள் அவரை இழுத்து வருவதும் உப்பு. உள்ளே வந்தபின் வரவைப் பறிப்பதும் உப்பு!

வாங்குபவர் யார் என்பதும் விலைதான்

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உள்பட்ட சிறு வணிகருக்கு இன்னொரு வழி இருக்கிறது. கடைவீதியில் 'காம்போசிஷன்' என்று வழங்கும் இணக்க வரித் திட்டம் அது. அதில் வணிகர், வரிக்குரிய விற்பனையின் மீது ஒரு சதவீதத்தைத் தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். வாங்குபவரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. படிவங்கள் குறைவு, தலைவலியும் குறைவு.

இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் வெற்றுச் சாக்கின் அடக்கவிலையும் ரூ.11.80 ஆகிவிடும். அதே இரண்டு ரூபாய் லாபம் வேண்டுமானால், ஒரு சதவீத வரியையும் சேர்த்து அவர் ரூ.13.94-க்கு விற்க வேண்டும். வழக்கமான முறையில் விற்பவரின் மொத்த விலை ரூ.14.16. பார்வைக்கு இணக்க வரி வணிகரின் சாக்கு 22 காசு மலிவு.

அது உண்மையில் மலிவா என்பது வாங்குபவரைப் பொறுத்தது. பக்கத்து உப்பு வணிகர் வாங்கினால், அவருக்கு எப்படியும் வரவு கிடையாது, அவருக்கு ரூ.13.94 மலிவானதே. திண்டிவனத்தில் சலவைத்தூள் தயாரிக்கும் பதிவு பெற்ற சிறு தொழிற்கூடம் ஒன்று வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் விற்பவரிடம் அது ரூ.14.16 கொடுத்தாலும், ரூ.2.16-ஐத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். அதற்குச் சாக்கின் உண்மை விலை ரூ.12. இணக்க வரி வணிகரிடம் வாங்கினால் கழிக்க ஏதுமில்லை. உண்மை விலை ரூ.13.94. இரண்டு ரூபாய் வித்தியாசத்தை எந்தத் தொழிற்கூடமும் விட்டுக்கொடுக்காது.

ஆக, விலைப்பலகையில் எழுதும் எண் ஒன்று. வாங்குபவரின் கணக்கேட்டில் ஏறும் எண் வேறு. எந்த முறையில் இருப்பது லாபம் என்ற கேள்விக்கு, 'உங்களிடம் வாங்குபவர்களில் வரவு எடுக்கக்கூடியவர் எத்தனை பேர்?' என்ற எதிர்க்கேள்வியே விடை. உப்பு வணிகர்களுக்கு மட்டுமே சாக்கு விற்பவருக்கு இணக்க வரி பொருந்தும். தொழிற்கூடங்களை வாடிக்கையாளராகப் பெற விரும்புபவருக்குப் பொருந்தாது. இணக்க வரி செலுத்துபவர் மாநில எல்லை தாண்டி விற்கவும் கூடாது என்பதால், புதுச்சேரிச் சந்தை அவருக்கு அடைபட்டுவிடும். என் மாணவர் வழக்கமான முறையில் நீடிப்பதற்கு இந்த இரண்டுமே காரணம்.

வரவு வராமல் போகும் மாதம்

இதுவரை சொன்ன கணக்குகளில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: சாக்கு விற்ற மொத்த வியாபாரி தம் கடமையை ஒழுங்காகச் செய்கிறார் என்பது. என் மாணவரின் உண்மையான இழப்பு இங்கேதான் நேர்ந்தது.

2022 ஜனவரி 1 முதல், விற்பவர் தம் விற்பனைப் படிவத்தில் ஒரு ரசீதைப் பதிவேற்றினால்தான் வாங்கியவர் அதற்குரிய வரவை எடுக்க முடியும். மாதந்தோறும் படிவம் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும். 14-ஆம் தேதி, வாங்கியவரின் 'ஜிஎஸ்டிஆர்-2பி' என்னும் வரவு அறிக்கை இணையதளத்தில் உருவாகும். அதில் ரசீது இல்லை என்றால், கையில் முத்திரையிட்ட ரசீதும், வங்கியில் பணம் செலுத்திய சான்றும் இருந்தாலும் அந்த மாதம் வரவு இல்லை.

சென்ற உப்புப் பருவத்தில் ஒரு மாதம், அவருக்குச் சாக்கு கொடுத்த மொத்த வியாபாரி படிவம் தாக்கல் செய்யவில்லை. நம் எண்களிலேயே அதன் விளைவைப் பார்ப்போம். ரூ.10,800 வரவு வரவில்லை. வசூலித்த வரி ரூ.12,960-ஐயும் 20-ஆம் தேதிக்குள் பணமாகச் செலுத்த வேண்டும். சாக்கில் கிடைத்த ரூ.12,000 லாபத்தில் கையில் மிஞ்சியது ரூ.1,200. ஏற்கெனவே ரூ.12-க்கு விற்றுத் தீர்த்த சாக்கின் அடக்கவிலை, விற்ற பிறகு ரூ.10-இலிருந்து ரூ.11.80-க்கு ஏறிவிட்டது. வாங்கியவர்களைத் தேடிப்போய்க் கூடுதல் பணம் கேட்க முடியுமா?

மொத்த வியாபாரி பிறகு பதிவேற்றினால், பிந்தைய மாதத்தில் வரவு கிடைக்கும். நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 அதற்குப் பொதுவான இறுதி நாள். அதற்குள் பதிவேற்றாவிட்டால் இழப்பு நிரந்தரம். பதிவேற்றிவிட்டு வரியைச் செலுத்தாமல் விட்டாலும், வாங்கியவர் எடுத்த வரவைத் திருப்ப வேண்டிவரும். இன்னொரு கண்ணியும் உண்டு. கடனுக்கு வாங்கிய சரக்குக்கு ரசீது தேதியிலிருந்து 180 நாள்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவை வட்டியுடன் திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கோடையில் கடனுக்கு வாங்கி, மழைக்காலத்தில் வருமானமின்றி இருக்கும் உப்பு வணிகருக்கு ஆறு மாதம் என்பது நீண்ட காலமன்று.

இங்கே ஒரு பொருளாதார உண்மையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாக்கின் ரூ.1.80-ஐ உள்நாட்டில் உப்பு மூட்டை கட்டும் அனைவரும் சுமக்கின்றனர். அனைவரும் சுமக்கும் செலவு, காலப்போக்கில் விலையில் ஏறிவிடும். ஒரு பகுதியை உப்பு வாங்குபவரும், ஒரு பகுதியை உப்பள உற்பத்தியாளரும் ஏற்பர். ஆனால் ஒரு மொத்த வியாபாரியின் தவறால் ஒரே ஒரு கடைக்காரர் வரவை இழந்தால், அதை அவர் விலையில் ஏற்ற முடியாது. போட்டியாளருக்கு அந்தச் செலவு இல்லையே. அனைவருக்கும் பொதுவான வரி விலையை உயர்த்துகிறது. ஒருவருக்கு மட்டும் நேரும் வரி அவர் லாபத்தை விழுங்குகிறது. சிறு வணிகர் அஞ்ச வேண்டியது இரண்டாவதைத்தான்.

உப்புக்கு வரி போடுவது தீர்வாகுமா?

வரவுச் சங்கிலி அறுபடுவதுதான் சிக்கல் என்றால், உப்பையும் ஐந்து சதவீத வரிக்குள் கொண்டுவந்து வரவைக் கொடுத்துவிடலாமே என்று வாதிடுபவர்கள் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். வரவு முழுதாகக் கிடைத்தால் மூட்டையின் அடக்கம் ரூ.168, ஏழு ரூபாய் லாபத்துடன் ரூ.175, ஐந்து சதவீத வரியுடன் ரூ.183.75. வரிவிலக்கு நீடித்து, மறைந்துள்ள இரண்டு ரூபாயை முழுதாக விலையில் ஏற்றினாலும் ரூ.177 மட்டுமே. வீட்டுக்கு உப்பு வாங்குபவருக்கு வரிவிலக்கே மேல். 1930-இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை சென்றவர்களின் மண்ணில் உப்புக்கு வரி கேட்பது அறமும் அன்று, கணக்கும் அன்று.

அதேவேளையில், வரிவிலக்கு என்பது வரியின்மை அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் 'பூச்சிய விகிதம்' என்று இன்னொரு சலுகையை வைத்திருக்கிறது. அதில் விற்பனைக்கும் வரியில்லை. வாங்கியபோது கொடுத்த வரியும் திரும்பக் கிடைக்கும். ஏற்றுமதிக்கும், சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு விற்பதற்கும் இது உண்டு. ஏற்றுமதியாகும் பொருள் உள்நாட்டில் வரிவிலக்கு பெற்றதாக இருந்தாலும் உண்டு. ஆகவே, இதே மரக்காணம் உப்பை இதே சாக்கில் கட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தால் ரூ.1.80 திரும்பக் கிடைக்கும். திண்டிவனத்துக் குடும்பத்துக்கு விற்றால் கிடைக்காது. வெளிநாட்டார் உண்ணும் உப்பில் நம் வரி இருக்கக் கூடாது என்று கருதும் சட்டம், நம் மக்கள் உண்ணும் உப்பைப் பற்றி அவ்வாறு கருதவில்லை.

உணவுப் பொருள்கள் அனைத்துக்கும் பூச்சிய விகிதம் தருவது அரசுக்குப் பெரும் வருவாய் இழப்பு என்பதையும், லட்சக்கணக்கானோர் வரவு கோருவதற்காகவே பதிவு செய்ய நேரிடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இடைவழி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில், வரிவிலக்குப் பொருள்களோடு தொடர்புடைய உள்ளீட்டு வரி சராசரியாக மாதம் 625 பவுண்டுக்கு மிகாமலும், மொத்த உள்ளீட்டு வரியில் பாதிக்கு மிகாமலும் இருந்தால், சிறு தொகை என்று கருதி முழு வரவையும் தந்துவிடுகின்றனர். நம் வணிகரின் கணக்கில் வரிவிலக்கோடு தொடர்புடைய வரி ரூ.7,200-உம் ரூ.816-உம் சேர்ந்து ரூ.8,016. மொத்த உள்ளீட்டு வரி ரூ.18,900. பங்கு 42 சதவீதம். பிரிட்டனின் விதி இங்கே இருந்தால் அவருக்கு முழு வரவும் கிடைத்திருக்கும். மாதந்தோறும் 42-ஆவது விதியின் கணக்கைப் போட வேண்டிய தேவையும் இருந்திருக்காது. நம் விற்பனை அளவுகளுக்கு ஏற்ற ஒரு வரம்பை ஜிஎஸ்டி மன்றம் நிர்ணயிக்க இயலாதா?

அதைவிட அவசரமானது, விற்றவரின் தவறுக்கு வாங்கியவரைத் தண்டிக்கும் நடைமுறையை மாற்றுவது. போலி ரசீது மோசடிகளைத் தடுக்கவே இந்த விதி வந்தது. அந்த நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் வங்கி வழியாகப் பணம் கொடுத்து, சரக்கு வந்து சேர்ந்ததற்குச் சான்றும் வைத்திருக்கும் சிறு வணிகருக்கு, குறிப்பிட்ட தொகை வரையேனும் வரவை முதலில் தந்துவிட்டு, வரியைச் செலுத்தாதவரிடம் வசூலிப்பதுதான் முறை. வரி ஏய்ப்பவரைப் பிடிக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. மரக்காணம் கடைக்காரருக்கு இல்லை.

சட்டம் மாறும்வரை அவர் செய்யக்கூடியவை சில உண்டு. அன்று அவரிடம் மூன்றைச் சொன்னேன். உப்புக்கான சாக்கையும் விற்பனைக்கான சாக்கையும் வாங்கும்போதே தனித்தனி ரசீதுகளில் வாங்கி, முன்னதை ரூ.11.80 என்றும், பின்னதை ரூ.10 என்றும் ஏட்டில் எழுத வேண்டும். மொத்த வியாபாரிக்கு விலையை உடனே கொடுத்துவிட்டு, வரித் தொகையை மட்டும் 14-ஆம் தேதி 'ஜிஎஸ்டிஆர்-2பி'யில் ரசீது தெரிந்தபின் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். 180 நாள் அவகாசம் அதற்கு இடம் தருகிறது. வசூலித்த வரியை அன்றன்றே தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த அவர், 'வரித் தொகையை நிறுத்தி வைத்தால் அடுத்த முறை சாக்கு தர மாட்டேன் என்பாரே, ஐயா' என்றார். நியாயமான அச்சம். பருவத்தின் உச்சத்தில் சாக்கு கிடைக்காவிட்டால் உப்பு வெட்டவெளியில் கிடக்கும். ஒரு கோடைமழை போதும் அனைத்தையும் கரைக்க. பேரம் பேசும் வலிமை இல்லாதவரிடம் காவல் வேலையை ஒப்படைத்திருக்கிறது நம் வரிச் சட்டம். அந்தச் சுமையை இறக்கி வைக்காத வரை, வரியில்லாத உப்பு என்று நாம் பெருமைப்படும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சிறு வணிகரின் லாபம் கரைந்துகொண்டுதான் இருக்கும்.